ஐந்து பேப்பர், அறுபத்துச் சொச்சம் பைல்: லிங்க்கை எங்கே போடுவது?

கேள்வி: "எம்.எஸ்ஸி. கடல் உயிரியல் முதல் வருடம் படிக்கிறேன், ஊர் கீழக்கரைப் பக்கம். இந்த செமஸ்டரில் ஐந்து பேப்பருக்கும் சேர்த்து அறுபதுக்கு மேல் பைல்கள் வாட்ஸப் குரூப்பில் வந்திருக்கின்றன. பி.டி.எஃப்., பி.பி.டி., போர்டு போட்டோ எல்லாம் கலந்து. ஒவ்வொரு பைலுக்கும் ஆப்சிடியன் என்ற குறிப்பெழுதும் செயலியில் ஒரு நோட் திறந்து, பைலை உள்ளே ஒட்டி, டேக்கும் போட்டுவிட்டேன். நோட்டுகளின் இணைப்பைப் படமாகக் காட்டும் கிராஃபைத் திறந்தால் தனித்தனிப் புள்ளியாக நிற்கிறது. டேக்கைக் காட்டச் சொன்னால் எல்லாம் ஒரே டேக்கைச் சுற்றி மொய்க்கிறது. பேக்லிங்க் பகுதி காலி. எப்படி இணைப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

விரிவுரையை விரிவுரையோடு நேரடியாக இணைக்கப் பார்ப்பதுதான் இங்கே சிக்கல். அறுபது பைலில் எதை எடுத்து எதனோடு கட்டுவது என்று யோசித்தால் கை ஓடாது. காரணம், ஐந்தாவது விரிவுரைக்கும் ஒன்பதாவது விரிவுரைக்கும் நேராக ஒரு உறவும் இல்லை. இரண்டிலும் வருகிற ஏதோ ஒரு பொருளுக்குத்தான் உறவு. அந்தப் பொருளுக்கென்று தனியாக ஒரு நோட் திறக்கிறோம். இரண்டு விரிவுரையும் அந்த நோட்டைச் சுட்டுகின்றன. அந்த நோட்டின் பேக்லிங்க்கில், அதாவது அதைச் சுட்டும் நோட்டுகளின் பட்டியலில், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காருகின்றன. இணைப்பு என்று நடப்பது இவ்வளவுதான். ஆகவே மூன்று அடுக்கு வேண்டும்: கீழே மூல பைல், அதன் மேல் ஒரு விரிவுரைக்கு ஒரு நோட், அதற்கும் மேல் கருத்துக்கு ஒரு நோட். உங்களிடம் முதல் இரண்டு அடுக்கு இருக்கிறது, மூன்றாவது இல்லை.

முதலில் கீழ் அடுக்கைச் சரி செய்யுங்கள், அதற்கு ஒரு சாயங்காலம் போதும். பி.பி.டி. பைலை ஆப்சிடியன் தனக்குள் திறக்காது, வெளியே இருக்கிற செயலியிடம் தள்ளிவிடும். பி.டி.எஃப்.பை உள்ளேயே திறக்கும், குறிப்பிட்ட பக்கத்துக்கே லிங்க் போடவும் விடும். அதனால் எல்லா பி.பி.டி.யையும் பி.டி.எஃப்.பாக மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு பெயர். குரூப்பில் வருகிற பைல்களில் `Unit 3.pdf` என்ற பெயரில் மட்டும் நான்கு இருக்கும். ஒரே பெயரில் இரண்டு பைல் இருந்தால் `[[Unit 3.pdf]]` என்று கையால் தட்டுகிற லிங்க் நீங்கள் நினைத்த பைலுக்குப் போகாமல் இன்னொன்றுக்குப் போகலாம். பேப்பருக்கு இரண்டெழுத்து, விரிவுரைக்கு இரண்டு இலக்கம் என்று வையுங்கள்: கடலியலுக்கு `OC-05.pdf`, முதுகெலும்பற்றவைக்கு `IV-03.pdf`, பாதுகாப்பு உயிரியலுக்கு `CB-09.pdf`. விரிவுரை நோட்டின் பெயரும் அதுவே, `OC-05`. குழப்பம் வராது. `[[OC-05]]` என்றால் நோட், `[[OC-05.pdf]]` என்றால் பைல். நோட் பெயரில் `#`, `^`, `|`, `[`, `]` ஆகியவை வேண்டாம், லிங்க் உடைந்துவிடும்.

இந்தப் பெயர் மாற்றத்தை லிங்க் போடும் முன்பே முடித்துவிடுங்கள். பிறகு மாற்ற வேண்டி வந்தால் ஆப்சிடியனுக்குள்ளேயே மாற்றுங்கள். `Settings` → `Files and links` → `Automatically update internal links` திறந்திருந்தால் எல்லா லிங்க்கும் கூடவே மாறும். கம்ப்யூட்டரின் போல்டரில் போய் மாற்றினால் மாறாது. லிங்க் பழைய பெயரையே பிடித்துக்கொண்டு நிற்கும், சொடுக்கினால் காலியான புது நோட் ஒன்று திறக்கும். உங்களுக்கு எப்போதாவது சம்பந்தமே இல்லாமல் காலி நோட் திறந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று: ஆப்சிடியனின் தேடல் பி.டி.எஃப்.பின் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்காது. பேக்லிங்க் பகுதியும் படிக்காது. உங்கள் நோட்டுக்குள் பி.டி.எஃப். ஒட்டியிருக்கிறது, ஆனால் எழுத்தாக எதுவும் இல்லை. அதனால்தான் அந்தப் பகுதி காலி. இரண்டே வழி: அங்கிருந்து காப்பி செய்து ஒட்டுவது, அல்லது உங்கள் சொற்களில் எழுதுவது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒரு விரிவுரைக்கு ஐந்து முதல் எட்டு வாக்கியம். நாற்பது ஸ்லைடை அப்படியே ஒட்டினால் தேடலில் எல்லாம் கிடைக்கும், ஆனால் எந்தச் சொல் முக்கியம், எது போகிற போக்கில் வந்தது என்று பிரியாது. போர்டு போட்டோவுக்கும் இதே கதை. படத்தை நோட்டில் வைத்து, அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி கீழே எழுதினால்தான் அது வலைக்குள் வரும்.

தமிழில் தட்டச்சு செய்த பழைய பாடக்குறிப்புகள் கலந்திருந்தால் ஒரு எச்சரிக்கை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்த பி.டி.எஃப்.பிலிருந்து "கடல்" என்ற சொல்லைக் காப்பி செய்து ஒட்டினால் `fly;` என்று விழும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அதை யுனிகோடு மாற்றியில் போட்டு மாற்றிய பிறகே நோட்டில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் எந்தத் தேடலிலும் அந்தப் பத்தி வராது.

இனி மூன்றாவது அடுக்கு. ஒரே ஒரு கருத்தை எடுத்து முழுதாகச் செய்து காட்டுகிறேன்: பவள வெளுப்பு. நம் கடற்கரையில் கடல் உயிரியல் படிக்கிறவருக்கு இது மூன்று பேப்பரிலாவது தலை காட்டும், ஒவ்வொன்றிலும் வேறு முகத்தோடு.

கடலியல் பேப்பரில் அது வெப்பநிலைக் கணக்காக வரும். ஓரிடத்தின் மிக வெப்பமான மாதத்தின் சராசரியை விட 1 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ எவ்வளவு கூடியது, எத்தனை வாரம் நீடித்தது என்று பன்னிரண்டு வாரத்துக்குக் கூட்டிப் பார்ப்பார்கள். டிகிரி வெப்ப வாரம் என்பது அதுதான். அமெரிக்காவின் நோவா நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோலில் 4 என்பது குறிப்பிடத்தக்க வெளுப்பு, 8 என்பது பரவலான வெளுப்பும் பவளச் சாவும். முதுகெலும்பற்றவை பேப்பரில் அதே விஷயம் ஒரு உடன்வாழ்வு முறிவாக வரும். பவளத்தின் திசுவுக்குள் வாழும் சூசாந்தெல்லே என்ற நுண்பாசிதான் அதற்கு உணவின் பெரும்பங்கைத் தருகிறது, நிறத்தையும் தருகிறது. சூட்டில் பாசி வெளியேறிவிடும், வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரியும். பாதுகாப்பு உயிரியலில் அதுவே ஊர்ப்பெயரோடு வரும். 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, அதன் 21 தீவுகள், 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது, 2010-இலும் 2016-இலும் இங்கே நடந்த வெளுப்பு.

இப்போது `OC-05` நோட்டில் ஒரு வரி எழுதுகிறீர்கள்:

```
டிகிரி வெப்ப வாரம் 4-ஐத் தாண்டினால் [[பவள வெளுப்பு]] தொடங்கும்,
8-ஐத் தாண்டினால் பவளம் சாகும்: [[OC-05.pdf#page=14|ஸ்லைடு "DHW scale"]]
```

`பவள வெளுப்பு` என்ற நோட் இன்னும் இல்லை. பரவாயில்லை. இல்லாத நோட்டுக்கும் லிங்க் போட ஆப்சிடியன் விடும், அது மங்கலான நிறத்தில் தெரியும். இந்த வசதிதான் வேலையைப் பாதியாகக் குறைக்கிறது. முதல் முறை வருகிறபோது லிங்க் மட்டும் போட்டு நகருங்கள், நோட் திறக்காதீர்கள். இரண்டாவது விரிவுரையிலும் அதே லிங்க்கைப் போட நேர்கிறபோது சொடுக்கித் திறங்கள். ஒரே ஒரு விரிவுரையில் மட்டும் வருகிற பொருளுக்குத் தனி நோட் எதற்கும் இணைப்பாகாது, விரிவுரை நோட்டுக்குள்ளேயே இருக்கட்டும். இது மென்பொருளின் விதி அல்ல, நான் சொல்கிற வழக்கம்தான். ஆனால் இதை விட்டவர்களின் வால்ட்டில், அதாவது நோட்டுகள் எல்லாம் இருக்கும் போல்டரில், ஒற்றை வரி நோட்டுகள் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

பக்க லிங்க்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. `#page=14` என்பது பைலின் பதினான்காம் பக்கம், ஸ்லைடின் மூலையில் அச்சாகியிருக்கும் எண் அல்ல. மேலும், ஆசிரியர் திருத்திய பைலை மறுபடி அனுப்பி, அதில் நடுவே இரண்டு ஸ்லைடு கூடியிருந்தால், உங்கள் லிங்க் சத்தமில்லாமல் தவறான பக்கத்துக்குப் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால்தான் மேலே வெறும் பக்க எண்ணைப் போடாமல் ஸ்லைடின் தலைப்பை எழுதினேன். பக்கம் நகர்ந்தாலும் தலைப்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம். திருத்திய பைலைப் பழையதன் மேல் எழுதாமல் `OC-05b.pdf` என்று தனியாக வைப்பது இன்னும் நல்லது.

அடுத்து `IV-03`-இல்: "சூட்டில் [[சூசாந்தெல்லே]] வெளியேறுவதுதான் [[பவள வெளுப்பு]], பாசி போனதும் பவளம் உடனே சாவதில்லை, சூடு சீக்கிரம் தணிந்தால் மீளும்." பிறகு `CB-09`-இல்: "மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆண்டுகளில் [[பவள வெளுப்பு]], பூங்கா எல்லைக்குள்ளேயே நடந்தது." இப்போது `பவள வெளுப்பு` நோட்டைத் திறந்து பேக்லிங்க் பகுதியைப் பாருங்கள். மூன்று விரிவுரையின் பெயரும், ஒவ்வொன்றின் கீழும் நீங்கள் எழுதிய அந்த வரியும் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும். வரி துண்டாகத் தெரிந்தால் `Show more context` பொத்தானை அழுத்துங்கள், முழுப் பத்தியும் வரும்.

லிங்க்கை முழு வாக்கியத்தின் நடுவே போடச் சொல்வது இதனால்தான். பலரும் நோட்டின் அடியில் "தொடர்புடையவை: [[பவள வெளுப்பு]], [[சூசாந்தெல்லே]], [[கடல்புல்]]" என்று ஒரு வரிசை போட்டு முடித்துவிடுகிறார்கள். கிராஃபில் கோடு விழும், பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் பேக்லிங்க் பகுதியைத் திறந்தால் மூன்று விரிவுரையின் கீழும் "தொடர்புடையவை" என்ற சொல்தான் நிற்கும். என்ன தொடர்பு என்று அறிய மூன்றையும் திறந்து படிக்க வேண்டும், லிங்க்கே இல்லாதபோது செய்த வேலையேதான் அது. உங்கள் லிங்க் நல்லதா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது: எந்த விரிவுரையையும் திறக்காமல், கருத்து நோட்டின் பேக்லிங்க்கை மட்டும் படித்து, அந்தப் பொருளைப் பற்றி ஐந்து மார்க் விடை எழுத முடிகிறதா? முடிந்தால் லிங்க் சரி.

இனிதான் உண்மையான பலன். மூன்று வரியும் ஒரே இடத்தில் நிற்கும்போது எந்த விரிவுரையிலும் இல்லாத ஒரு வாக்கியம் கண்ணில் படும். பூங்கா சட்டம் பவளம் வெட்டுவதைத் தடுக்கும், தீவோரம் வலை இழுப்பதைத் தடுக்கும், கடல்நீரின் சூட்டைத் தடுக்காது. `CB-09` இதைச் சொல்லவில்லை, `OC-05`-உம் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தவருக்குத்தான் தோன்றும். கருத்து நோட்டின் உடலில் எழுத வேண்டியது இந்த வாக்கியத்தைத்தான். விரிவுரையில் இருப்பதை மறுபடி அங்கே எழுதாதீர்கள், அது பேக்லிங்க்கில் இருக்கிறது. விரிவுரைகளுக்கு நடுவே இருப்பதை மட்டும் எழுதுங்கள். அப்படி எழுத எதுவும் தோன்றாத கருத்து நோட் இருந்தால் அதை நீக்கிவிடலாம், நட்டமில்லை.

`பவள வெளுப்பு` நோட்டின் தலைப்பகுதி இப்படி இருக்கும்:

```
---
aliases:
  - coral bleaching
  - பவள வெளுப்பை
  - பவள வெளுப்பால்
  - பவள வெளுப்பின்
tags:
  - வகை/கருத்து
  - நிலை/சந்தேகம்
---
```

`aliases`, அதாவது நோட்டின் மாற்றுப்பெயர்கள், எதற்கு என்று விளக்க வேண்டும், தமிழில் நோட் எழுதுகிறவருக்கு இது இல்லாமல் ஆகாது. பேக்லிங்க் பகுதியின் அடியில் `Unlinked mentions` என்று ஒன்று இருக்கிறது. நோட்டின் பெயர் வேறு நோட்டுகளில் லிங்க் இல்லாமல் சாதாரணச் சொல்லாக வந்திருந்தால் அது தேடிக் காட்டும், பக்கத்தில் இருக்கும் `Link` பொத்தானை அழுத்தினால் லிங்க்காக மாற்றியும் தரும். ஆங்கிலத்தில் எழுதியவருக்கு இது அள்ளிக் கொடுக்கும். தமிழில் அப்படி இல்லை. நாம் சொல்லை வேற்றுமை ஏற்றித்தான் எழுதுகிறோம். "வெளுப்பை", "வெளுப்பால்", "வெளுப்பின்" ஆகிய எதிலும் "வெளுப்பு" என்ற எழுத்து வரிசை இல்லை. கடைசி "பு" மாறிவிட்டது. "பவளம்" இன்னும் மோசம், "பவளத்தின்", "பவளத்தில்" என்று ஆனதும் மகரமே போய்விடும். எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் எந்தத் தேடலும் இவற்றைத் தவறவிடும். அதனால் நீங்கள் அதிகம் எழுதுகிற மூன்று நான்கு வடிவங்களை `aliases`-இல் சேர்த்து வையுங்கள். எல்லா வேற்றுமையையும் சேர்க்கத் தேவையில்லை. புதிதாக எழுதும்போது `[[பவள வெளுப்பு|பவள வெளுப்பால்]]` என்று குழாய்க்குறிக்குப் பின் வேண்டிய வடிவத்தைப் போட்டால் வாக்கியமும் கெடாது, லிங்க்கும் சரியான இடத்துக்குப் போகும்.

ஆங்கிலப் பெயரையும் அறிவியல் பெயரையும் இதே இடத்தில் சேருங்கள், விரிவுரையெல்லாம் ஆங்கிலத்தில்தானே வருகிறது. கூடவே ஊர்ச் சொல். மண்டபம், பாம்பன் பக்கத்து மீனவர்களிடம் கேட்டு எழுதிய களக்குறிப்பில் "வடகடல்", "தென்கடல்" என்றுதான் இருக்கும். `பாக் விரிகுடா` நோட்டுக்கு `வடகடல்` என்றும், `மன்னார் வளைகுடா` நோட்டுக்கு `தென்கடல்` என்றும் மாற்றுப்பெயர் கொடுத்தால் களக்குறிப்பு `Unlinked mentions`-இல் தானாக வந்து நிற்கும், `Link` பொத்தானை அழுத்தினால் பாடத்தோடு சேரும். `கடற்பசு` நோட்டில் `Dugong dugon`, `ஆவுளியா` இரண்டும் இருக்கட்டும். மீனவர் சொன்ன ஒரு வரியும், பாக் விரிகுடாவில் 2022-இல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் பற்றிய விரிவுரையும், கடல்புல் பற்றிய இன்னொரு விரிவுரையும் அந்த ஒரு நோட்டில் சந்திக்கும். ஆனால் "கடல்", "மீன்", "park" போன்ற பொதுச் சொல்லை மாற்றுப்பெயராகக் கொடுக்காதீர்கள். `Unlinked mentions` நூற்றுக்கணக்கில் வந்து கொட்டும், அதில் வேண்டியது எது என்று தேடுவதே வேலையாகிவிடும்.

டேக் பற்றி இவ்வளவு நேரம் பேசாததற்குக் காரணம் உண்டு. உங்கள் வால்ட்டில் டேக் செய்துகொண்டிருப்பது லிங்க்கின் வேலை. `#marine`, `#coral` என்று பொருளுக்கு டேக் போட்டால், கடல் உயிரியல் வால்ட்டில் எல்லாமே அந்த டேக்குக்குள் வந்துவிடும், எதையும் பிரிக்காது. டேக்கின் மேல் எதையும் எழுதவும் முடியாது, நோட்டின் மேல் எழுதலாம். ஒரு சொல்லை டேக்காகப் போடுவதா நோட்டாகத் திறப்பதா என்று தடுமாறினால் இப்படிக் கேளுங்கள்: இந்தச் சொல்லைப் பற்றி ஒரு பத்தி எழுத முடியுமா? பவள வெளுப்பைப் பற்றி எழுதலாம், எனவே அது நோட். "இன்னும் புரியவில்லை" என்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எனவே அது டேக்.

டேக்குக்கு இரண்டு குடும்பம் போதும். ஒன்று, இது என்ன மாதிரி நோட்: `வகை/விரிவுரை`, `வகை/கருத்து`, `வகை/களம்`. இன்னொன்று, எந்த நிலையில் இருக்கிறது: `நிலை/படிக்கவில்லை`, `நிலை/சந்தேகம்`, `நிலை/முடிந்தது`. சாய்கோடு போட்டால் உள்டேக் ஆகும், `tag:#நிலை` என்று தேடினால் மூன்றும் வரும். பேப்பருக்கென்று டேக் வேண்டாம், பைல் பெயரிலேயே `OC`, `IV` இருக்கிறது. பரீட்சைக்கு முன் ஒரு நோட்டில் கீழே உள்ளதை ஒட்டி வைத்தால், கடலியலில் சந்தேகம் மீதியிருக்கும் விரிவுரைகள் மட்டும் எப்போதும் அங்கே தெரியும். ஒன்றைப் படித்துத் தெளிந்து டேக்கை மாற்றியதும் பட்டியலிலிருந்து மறையும்.

````
```query
tag:#நிலை/சந்தேகம் file:OC
```
````

டேக்கில் தவறு நடக்கிற இடங்கள் சில. டேக்குக்குள் இடைவெளி கூடாது. `#பவள வெளுப்பு` என்று எழுதினால் `#பவள` மட்டுமே டேக், மிச்சம் வெறும் எழுத்து. எண் மட்டும் இருந்தால் டேக் ஆகாது, எனவே `#2016` வேலை செய்யாது. மேலே தலைப்பகுதியில் எழுதும்போது `#` குறி வேண்டாம். எல்லாவற்றையும் விட அதிகம் நடப்பது எழுத்து வேறுபாடு: `சந்தேகம்` ஒன்று, `சந்தேகங்கள்` ஒன்று என்று இரண்டு டேக் உருவாகிவிடும், பாதி நோட் தேடலில் வராது. வலப்பக்கம் டேக் பட்டியலைத் திறந்து வாரம் ஒரு முறை பாருங்கள், எண்ணிக்கை 1 என்று இருப்பவை பெரும்பாலும் எழுத்துப் பிழைதான்.

கிராஃபைக் கடைசியாகத்தான் திறக்க வேண்டும், திறந்ததும் அதன் அமைப்பில் `Tags`, `Attachments` இரண்டையும் அணைத்துவிடுங்கள். `Existing files only` அணைந்திருக்கட்டும், இன்னும் திறக்காத மங்கலான நோட்டுகளும் தெரியும். அவற்றில் எதற்கு இரண்டு மூன்று கோடு வந்திருக்கிறதோ அது அடுத்து எழுத வேண்டிய கருத்து நோட். `Groups` பகுதியில் `file:OC`, `file:IV`, `file:CB` என்று பேப்பருக்கு ஒரு நிறம் கொடுங்கள். நல்ல வலை என்றால் ஒரு கருத்துப் புள்ளியைச் சுற்றி இரண்டு மூன்று நிறம் நிற்கும். ஒரே நிறம் மட்டும் சூழ்ந்திருந்தால் அது அந்தப் பேப்பரின் உள்விவகாரம், பாலம் அல்ல.

நம் கரையில் படிக்கிறவர்களின் வால்ட்டில் ஒரு தனிச் சிக்கல் வரும். `மன்னார் வளைகுடா` என்ற நோட் எல்லா விரிவுரையோடும் ஒட்டிக்கொண்டு நடுவே பெரிய புள்ளியாக நிற்கும், மற்ற உறவுகள் எல்லாம் அதன் பின்னால் மறைந்துவிடும். எல்லாவற்றோடும் இணைந்தது எதையும் சொல்லாது. கிராஃபின் தேடல் கட்டத்தில் `-file:"மன்னார் வளைகுடா"` என்று கொடுத்து அதை மறைத்துப் பாருங்கள், உண்மையான வலை தெரியும். அதைவிட நல்ல வழி, இடத்தைச் சின்னதாக்குவது. வளைகுடா முழுவதற்கும் லிங்க் போடாமல், விரிவுரை சொல்வது குருசடைத் தீவு என்றால் `[[குருசடைத் தீவு]]`, மூழ்கிய தீவுகள் என்றால் `[[பூவரசன்பட்டி]]`, `[[விலங்குசல்லி]]`. குருசடை நோட்டில் வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாஃபைக்கஸ் பாசி பவளத்தின் மேல் படர்ந்த செய்தியும், அதே தீவின் வெளுப்புச் செய்தியும் சேர்ந்து வரும்போது, அந்தப் பவளத்துக்கு எத்தனை பக்கமிருந்து நெருக்கடி என்று ஒரு பார்வையில் தெரியும். வளைகுடா நோட்டில் அது முப்பது வரிக்கு நடுவே புதைந்துபோயிருக்கும்.

அறுபதையும் வரிசையாக முடிக்க உட்காராதீர்கள். வாக்கியமாக எழுதி லிங்க் போட ஒரு விரிவுரைக்கு அரை மணி நேரம் பிடிக்கும், மொத்தம் முப்பது மணி நேரம், பத்தாவது பைலிலேயே அலுத்துவிடும். பழைய வினாத்தாள்களை எடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட பேப்பரில் தலை காட்டுகிற சொற்கள் பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடத்தில் பவள வெளுப்பு, கடல்புல், மேலெழு நீரோட்டம், உடன்வாழ்வு போன்றவை கட்டாயம் அதில் வரும். அந்தப் பத்தும் எந்தெந்த விரிவுரையில் வருகின்றனவோ அவற்றை மட்டும் முதலில் எழுதுங்கள், இருபது இருபத்தைந்துக்கு மேல் போகாது. மிச்சமுள்ளவை பெயர் மாற்றிய பைலோடும் `நிலை/படிக்கவில்லை` டேக்கோடும் அப்படியே இருக்கட்டும், அந்த நோட்டை வேறொரு காரணத்துக்காகத் திறக்கிற அன்றைக்கு எழுதிக்கொள்ளலாம். செமஸ்டர் முடிகிற வரை எந்தக் கருத்தோடும் ஒட்டாமல் தனியே நிற்கும் விரிவுரைகள் நாலைந்து இருக்கும். கருவிகளைக் கையாளும் முறை, புள்ளியியல் சூத்திரம் போன்றவை அப்படித்தான். கிராஃப் அழகுக்காக அவற்றை எதனோடும் கட்டாதீர்கள்.